முகவருக்கு எழுதும் விண்ணப்பக் கடிதம்

எமது கல்லூரியிற் படித்து வெளியேறிய இளைஞர் ஒருவர், பாசிக்குடாவில் உள்ள உல்லாச விடுதியொன்றிலே வளிச்சீராக்கிகளைப் பராமரிக்கும் தொழினுட்பவியலாளராக ஐந்து ஆண்டுகள் பணியாற்றியவர், கட்டார் நாட்டிற்குச் செல்ல விரும்பிக் கொழும்பிலுள்ள பதினொரு வேலைவாய்ப்பு முகவர் நிலையங்களுக்கு ஒரே நாளில் விண்ணப்பம் அனுப்பினார். ஏழு நிலையங்களிலிருந்து மறுமொழியே வரவில்லை. இரண்டு நிலையங்கள் கடவுச்சீட்டின் பிரதியை மாத்திரம் கேட்டு எழுதின. எஞ்சிய இரண்டும் என்ன செய்தன என்பதைப் பின்னர்க் கூறுவோம். தகைமையுள்ளவர், அனுபவமுள்ளவர், ஆங்கிலமும் ஓரளவு அறிந்தவர். அவ்வாறிருந்தும் ஏன் இவ்வாறு நேர்ந்தது என்று கேட்டுக்கொண்டு, ஆரையம்பதியிலிருந்து கல்லடிப் பாலத்தைக் கடந்து ஒருநாள் மாலை எம்மிடம் வந்தார். கையிலே தாம் அனுப்பிய கடிதத்தின் பிரதியும் இருந்தது.

அக்கடிதத்தை வாசித்தபோது குறை எங்கே என்பது முதல் வாக்கியத்திலேயே புலனாயிற்று. "தங்கள் புகழ்பெற்ற நிறுவனத்திற் சேர்ந்து சேவையாற்றும் வாய்ப்பை எனக்கு அளிக்குமாறு பணிவுடன் வேண்டுகின்றேன்" என்று அது தொடங்கியது. முகவர் நிலையத்திலே இவர் சேர்ந்து என்ன சேவையாற்றுவார்? அங்கே பழுதடைந்த வளிச்சீராக்கி ஒன்று இருந்தால் ஒருவேளை அழைத்திருப்பார்கள்! தொழில்தருநருக்கு எழுதவேண்டிய கடிதத்தை, முகவரி ஒன்றை மாத்திரம் மாற்றி முகவருக்கு அனுப்பிவிட்டார் என்பதே இதன் பொருள். இப்பிழை அவர் ஒருவருக்கே உரியதன்று. கல்லூரியில் நாம் கற்ற கடித இலக்கணத்தில் விண்ணப்பம் என்பது ஒரே வகையானது. அதை வாசிப்பவரும் வேலை தருபவரும் ஒருவரே என்று கொண்டு எழுதக் கற்றோம். இடையிலே மூன்றாவது ஒருவர் வரும்போது அவ்விலக்கணம் எவ்வாறு மாறவேண்டும் என்பதை எவரும் எமக்குச் சொல்லித்தரவில்லை. அதனையே இங்கு சற்று விரித்துக் கூற எண்ணுகின்றோம்.

முதலில், முகவர் யாருக்காக உழைக்கிறார் என்பதைத் தெளிந்துகொள்ளல் வேண்டும். விண்ணப்பதாரர் தமக்காகவே அவர் வேலை தேடுகிறார் என்று பலரும் எண்ணுகின்றனர். உண்மை அவ்வாறன்று. ஆள் வேண்டும் என்று கேட்பவர் தொழில்தருநர்; ஆளைக் கொண்டுவந்து கொடுத்ததற்குக் கூலி கொடுப்பவரும் பெரும்பாலும் அவரே. மேலைநாடுகளில், தேர்ந்தெடுக்கப்பட்டவரின் முதலாண்டுச் சம்பளத்தில் ஐந்திலொரு பங்கு அளவான தொகையை நிறுவனமே முகவருக்குக் கொடுப்பது சாதாரண வழக்கம். வளைகுடா நாடுகளுக்குத் தொழிலாளரை அனுப்பும் முகவர் பொதுவாகத் தலைக்கு இவ்வளவு என்று பெறுகின்றார். இது எமது நாட்டிற்குப் புதியதன்று. மலைநாட்டுத் தோட்டங்களிலே பெரிய கங்காணிமார், தாம் கொண்டுவந்த ஆட்களுள் அன்றாடம் வேலைக்கிறங்கியவர்களின் தொகைக்கு ஏற்பத் தலைக்காசு பெற்றனர். ஒரு தோட்டத்திலிருந்து மற்றொரு தோட்டத்திற்கு ஆட்கள் மாறும்போது அவர்களுடைய கடன்தொகையைக் குறித்த 'துண்டு' ஒன்று துரைமாரிடையே சென்றது. 1921ஆம் ஆண்டிலேதான் சட்டம் அதை ஒழித்தது. அத்துண்டு தொழிலாளியைப் பற்றியதாயினும் தொழிலாளிக்காக எழுதப்பட்டதன்று. இன்றைய முகவரைக் கங்காணியோடு ஒப்பிடுவது எமது நோக்கமன்று. ஆனால் கூலி கொடுப்பவர் எவரோ அவருடைய தேவையையே இடைநின்றவர் முதலில் நோக்குவார் என்பது அன்றும் இன்றும் ஒன்றே. இதனை அறிந்து எழுதுபவர் கடிதம் வேறு. அறியாது எழுதுபவர் கடிதம் வேறு.

இனி, முகவரின் மேசையில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். வெளிநாட்டு நிறுவனம் ஒன்று ஆள் கோரும்போது, எந்தத் தொழிலுக்கு எத்தனை பேர், அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, உணவும் தங்குமிடமும் உண்டா, ஒப்பந்தக் காலம் எவ்வளவு என்பவற்றைக் குறித்து ஒரு பத்திரம் அனுப்புகிறது. முகவர்கள் அதனை 'ஜொப் ஓடர்' என்பர். நாம் ஆட்கோரற் பத்திரம் என்போம். இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் அதை ஏற்று அனுமதித்த பின்னரே முகவர் ஆள்சேர்க்கலாம். அப்பத்திரத்திலே "வளிச்சீராக்கித் தொழினுட்பவியலாளர், பெரும் குளிராக்கி இயந்திர அனுபவம், 6 பேர்" என்று ஒரு வரி இருக்கும். முகவர் நிலைய உத்தியோகத்தர் அவ்வரியைக் கண்முன் வைத்துக்கொண்டே கடிதங்களைப் புரட்டுகிறார். இக்காலத்தில் கணினியிலே சேர்த்துவைத்த சுயவிபரக் கோவைகளுள் அவ்வரியிலுள்ள சொற்களை இட்டுத் தேடுகிறார். அவர் தேடுவது நல்ல மனிதர் ஒருவரையன்று. அவ்வரிக்குப் பொருந்தும் ஒருவரை. எமது இளைஞரின் கடிதத்திலே "கடின உழைப்பும் நேர்மையும் உடையவன்" என்று இருந்தது. "எவ்வேலை தரினும் மனமுவந்து செய்வேன்" என்றும் இருந்தது. முன்னையது எந்த வரிக்கும் பொருந்தும். ஆதலால் எதற்கும் உதவாது. பின்னையது இன்னும் தீமையானது. எவ்வேலையும் செய்வேன் என்பவரை எந்தக் கோவையிலே இடுவது? தொழில்தருநர் ஒருவர் அதைப் பணிவு என்று கொண்டு இரக்கங்கொள்ளவும் கூடும். முகவரோ அதனைத் தொழில் இல்லாதவர் என்று வாசித்து அப்பால் வைத்துவிடுவார்.

ஆகவே அவரிடம் நாம் முதலிற் கேட்டது, "நீர் உண்மையிற் செய்யும் வேலை என்ன?" என்பதே. விடுதியின் அறைகளிலே 84 தனி வளிச்சீராக்கிகள் உள்ளன என்றும், மண்டபத்திற்கும் சமையற்கூடத்திற்கும் பெரும் குளிராக்கி இயந்திரங்கள் இரண்டு உள்ளன என்றும், அவ்விரண்டின் அன்றாடப் பதிவேட்டை மூன்று ஆண்டுகளாகத் தாமே எழுதி வருவதாகவும் அவர் கூறினார். கடற்கரையாதலால் உப்புக்காற்றுப் பட்டு வெளிப்புறச் சுருள்கள் அரிக்கப்படுகின்றன. அவற்றை எத்தனை கிழமைக்கொருமுறை கழுவ வேண்டும், வாயுக்கசிவை எவ்வாறு கண்டுபிடிப்பது, ஆர்-22 வாயு இட்ட பழைய இயந்திரங்களையும் ஆர்-410ஏ இட்ட புதியவற்றையும் ஏன் ஒன்றாகக் கையாளக் கூடாது என்றெல்லாம் அரைமணி நேரம் விளக்கினார். கடிதத்திலோ இவற்றுள் ஒன்றுமில்லை! "விடுதியொன்றிற் பராமரிப்புப் பகுதியில் வேலை செய்கிறேன்" என்ற ஒரு வரியே இருந்தது. கட்டாரிலும் கடற்காற்று உண்டு, உப்பு உண்டு. பாசிக்குடாவின் உப்புக்காற்று அங்கே அவருக்கு ஒரு தகைமை என்பதை அவர் எண்ணியிருக்கவில்லை.

அடுத்து வருவது சம்பளம். தொழில்தருநருக்கு நேரே எழுதும் கடிதத்தில் சம்பளத்தை நாமாக முதலிற் கூறுவது அழகன்று. அவர் கேட்கும்வரை பொறுத்திருத்தலே நன்று. முகவருக்கு எழுதும்போது இது முற்றாக மாறுகிறது. சம்பளம் கூறாத கடிதத்தை அவர் எந்த ஆட்கோரற் பத்திரத்தோடும் சேர்த்துப் பார்க்க இயலாது. அன்றியும், தலைக்கு இவ்வளவு என்று கூலி பெறுபவருக்கு உமது சம்பளம் சிறிது கூடுவதனால் இலாபமில்லை. வெற்றிடம் விரைவில் நிரம்புவதே இலாபம். எனவே நீர் கூறும் மிகக் குறைந்த தொகை எதுவோ அதுவே உமக்குக் கிடைக்கும் தொகை என்று கொள்ளல் வேண்டும். பேரம்பேசும் எண்ணத்தோடு ஒரு தொகையை எழுதுவதிற் பயனில்லை. அதற்குக் கீழே மெய்யாகவே போகமாட்டேன் என்ற தொகையைக் கணக்கிட்டு எழுத வேண்டும்.

எமது இளைஞரை இருத்தி வைத்து அக்கணக்கைப் பார்த்தோம். விடுதியில் அடிப்படைச் சம்பளம் 65,000 ரூபாய். அதன்மேல் சேவைக் கட்டணப் பங்கு. இது ஏப்பிரல் முதல் செத்தெம்பர் வரை கடல் அமைதியாய் இருக்கும் பருவத்தில் உயர்ந்தும், வடகீழ்ப் பருவக்காற்று வீசும் மாரியிலே தாழ்ந்தும் வருவது. ஆண்டு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் மாதம் ஏறக்குறைய 25,000 ரூபாய். ஆக மொத்தம் 90,000. கடல் கடந்து போவதாயின் வீட்டிற்கு மாதம் 120,000 ரூபாயாவது அனுப்பாவிடிற் போவதிற் பொருளில்லை என்பது அவருடைய முடிபு. கணக்கிட்ட நாளிலே கட்டார் றியால் ஒன்று ஏறக்குறைய 80 ரூபாயாக இருந்தது. ஆகவே அனுப்புதற்கு 1,500 றியால் வேண்டும். உணவுக்கும் தொலைபேசிக்கும் பிற கைச்செலவுக்கும் 500 றியால் ஒதுக்கினால் அடிப்படைச் சம்பளம் 2,000 றியால். தங்குமிடத்தைத் தொழில்தருநர் கொடுத்தல் வேண்டும். மேலதிக நேரக் கொடுப்பனவை இக்கணக்கிற் சேர்க்கலாகாது என்றும் கூறினோம். "மொத்தம் 2,000 வரை பெறலாம்" என்று முகவர் கூறும்போது, அடிப்படை 1,300, எஞ்சியது மேலதிக நேரம் என்று முடிவதுண்டு. மேலதிக வேலை இல்லாத மாதத்தில் வீட்டிற்கு அனுப்பும் பணம் பாதியாகிவிடும். கடிதத்தில் 'அடிப்படைச் சம்பளம்' என்ற சொல்லை இட்டு எழுதுவது இதனாலேயே.

இப்பொழுது, முன்னர்க் கூறாது விட்ட அவ்விரண்டு நிலையங்களுக்கு வருவோம். அவை இரண்டும் அவருடைய விபரத்தை, அவரைக் கேளாமலே, தோஹாவிலுள்ள ஒரே நிறுவனத்திற்கு அனுப்பிவிட்டன. ஒருவருக்கு இருமுறை வாய்ப்பு என்று மகிழ்வதற்கு இதில் எதுவுமில்லை. ஒரே மனிதனை இரு முகவர்கள் முன்வைத்தால், அவனைத் தெரிந்தெடுத்தபின் கூலி எவருக்கு என்று வழக்கு எழும். அவ்வழக்கிற் சிக்கிக்கொள்ள விரும்பாத நிறுவன அதிகாரி அப்பெயரையே ஒதுக்கிவிட்டு அடுத்த பெயருக்குச் செல்வார். இங்கும் அதுவே நிகழ்ந்தது. அவ்விரு முகவர்களுள் ஒருவருடைய உத்தியோகத்தரே பின்னர்த் தொலைபேசியிலே சலிப்போடு இதைக் கூறினார். தகைமை குறைந்ததனாலன்றி, கடிதம் கூடியதனால் வாய்ப்பு இழக்கப்பட்டது. அதுமட்டுமோ? பதினொரு முகவரிகளையும் ஒரே மின்னஞ்சலின் தலைப்பிலே வரிசையாக இட்டு அனுப்பியிருந்தார். ஒவ்வொரு முகவரும் ஏனைய பத்துப் பேரின் பெயரையும் கண்டார். நாம் உழைத்துக் கண்டுபிடிக்கும் ஆளை மற்றொருவர் நாளையே அனுப்பிவிடுவார் என்று தெரிந்தால் எவர்தாம் முயல்வார்?

இதற்கு மாற்று எளிது. இரண்டு அல்லது மூன்று முகவர்களுக்கு மாத்திரம், தனித்தனியாக எழுதுதல் வேண்டும். எனது விபரத்தை எந்த நிறுவனத்திற்கு அனுப்புவதாயினும் முன்னதாக அந்நிறுவனத்தின் பெயரை எனக்கு அறிவித்து எனது சம்மதத்தைப் பெறவேண்டும் என்று கடிதத்திலேயே எழுதுதல் வேண்டும். ஏற்கெனவே எந்த நிறுவனங்களுக்குப் பெயர் போயிருக்கிறதோ அவற்றையும் குறிப்பிட வேண்டும். தொழில்தருநருக்கு எழுதும்போது வேறிடத்திலும் விண்ணப்பித்திருக்கிறேன் என்று சொல்வது பண்பாகாது. முகவருக்கோ அதை மறைப்பதே தீங்கு. உள்நாட்டு வேலைகளுக்காகக் கொழும்பிலுள்ள ஆட்சேர்ப்பு ஆலோசகர்களுக்கு எழுதுவோர்க்கு இவ்வாக்கியம் இன்னும் இன்றியமையாதது. ஒரே கம்பனி பல விடுதிகளை வேறு வேறு பெயர்களில் நடத்துவதுண்டு. ஆலோசகர் தமக்குத் தெரியாமலே, நீர் இப்போது வேலை செய்யும் கம்பனிக்கே உமது விபரத்தை அனுப்பிவிடக்கூடும், மறுநாட் காலையில் உமது மேலாளர் உம்மை அழைத்து, "என்ன தம்பி, போகப் போகிறீராமே?" என்று கேட்பார்.

இவற்றையெல்லாம் மனத்திற்கொண்டு அவர் மீண்டும் எழுதிய கடிதத்தைக் கீழே தருகின்றோம். அவர் அதனை ஆங்கிலத்திலேயே எழுதினார். தொழில்தருநரிடம் செல்வது அம்மொழியிலேயே ஆதலால் அவ்வாறு எழுதுவதே முறை. வாசகர் வசதி கருதித் தமிழிலே தருகின்றோம். பெயர்களையும் முகவரிகளையும் விட்டுவிட்டோம்.

"ஐயா,

தாங்கள் பத்திரிகையில் வெளியிட்ட விளம்பரத்தில் உள்ள வளிச்சீராக்கித் தொழினுட்பவியலாளர் (கட்டார்) வெற்றிடம் பற்றியும், அதையொத்த பிற வெற்றிடங்கள் பற்றியும் எழுதுகின்றேன். விளம்பர இலக்கத்தை மேலே குறித்துள்ளேன்.

குளிரூட்டல், வளிச்சீராக்கல் தொழிலில் தேசிய தொழிற்றகைமை மட்டம் 4 சான்றிதழ் பெற்றுள்ளேன். ஐந்து ஆண்டுகளாகக் கடற்கரை விடுதியொன்றில் 84 தனி வளிச்சீராக்கிகளையும் இரண்டு பெரும் குளிராக்கி இயந்திரங்களையும் பராமரித்து வருகின்றேன். குளிராக்கி இயந்திரங்களின் பதிவேடு மூன்று ஆண்டுகளாக எனது பொறுப்பில் உள்ளது. உப்புக்காற்றினாற் சுருள்கள் அரிபடுதலைத் தடுத்தல், வாயுக்கசிவு கண்டறிதல், மின்கட்டுப்பாட்டுப் பலகைகளைச் சோதித்தல் ஆகியவற்றில் பழக்கமுண்டு. பெரிய கட்டடங்களுக்குக் காற்றுக் குழாய் அமைக்கும் வேலையில் அனுபவம் இல்லை.

வயது 27. கடவுச்சீட்டு இன்னும் ஆறு ஆண்டுகளுக்குச் செல்லுபடியாகும். ஒரு மாத முன்னறிவித்தல் கொடுத்து வேலையினின்று விலகலாம். செத்தெம்பர் முடிவுக்குப் பின் வசதி. செயன்முறைப் பரீட்சைக்கு, மூன்று நாள் முன்னதாக அறிவித்தால், கொழும்புக்கு வருவேன்.

உணவு நீங்கலாக, தங்குமிடத்துடன், அடிப்படைச் சம்பளம் 2,000 கட்டார் றியாலுக்குக் குறையாத வேலையையே ஏற்பேன். கட்டார் அன்றி ஓமானுக்கும் செல்லச் சம்மதம். வேறு தொழிற்பெயரில் செல்லச் சம்மதமில்லை.

எனது விபரம் தோஹாவிலுள்ள ஒரு நிறுவனத்திற்கு ஏற்கெனவே சென்றுள்ளது. அதன் பெயரை இணைப்பிற் குறித்துள்ளேன். வேறெந்த நிறுவனத்திற்கும் அனுப்புமுன் அதன் பெயரை அறிவித்து எனது சம்மதத்தைப் பெறுமாறு வேண்டுகின்றேன். எனது தற்போதைய தொழில்தருநருடன் இப்போது தொடர்புகொள்ள வேண்டாம்.

இங்ஙனம்,"

இக்கடிதத்தில் இரண்டு வரிகளைப் பற்றி மாத்திரம் ஒரு சொல். காற்றுக் குழாய் அனுபவம் இல்லை என்று தாமாகவே எழுதலாமா என்று அவர் முதலில் தயங்கினார். தொழில்தருநருக்கு எழுதும் கடிதத்தில் நாமும் அதை நீக்கியிருப்போம். ஆனால் முகவர், பொருந்தாத ஆளைக் கொழும்புக்கு அழைத்து, வெளிநாட்டிலிருந்து வந்த பரீட்சகர் முன் நிறுத்தி, அவர் தவறிவிட்டால், தம் நற்பெயரையே இழக்கின்றார். இல்லாததை இல்லை என்று எழுதியவரை அவர் அடுத்த முறையும் நம்புவார். மற்றையது, வேறு தொழிற்பெயரில் செல்லச் சம்மதமில்லை என்பது. தொழினுட்பவியலாளர் என்று இங்கே கூறி, விசாவிலே உதவியாள் என்று பதித்து அனுப்புவதுண்டு. அங்கே சென்றபின் விசாவிலும் ஒப்பந்தத்திலும் உள்ள பெயருக்கே சம்பளம். இது நேர்ந்ததா என்பதை அறிய ஒரே வழி, புறப்படுமுன் ஒப்பந்தத்தையும் விசாவையும் பக்கத்திற் பக்கமாக வைத்துத் தொழிற்பெயரையும் அடிப்படைச் சம்பளத்தையும் ஒப்பிட்டு வாசிப்பதே.

கடிதம் நன்றாயினும் போய்ச் சேருமிடம் தவறாயின் பயனென்ன? எமது நாட்டிலே கூலி பெறும் வேலைவாய்ப்பு முகவர்களை ஒழுங்குபடுத்த 1956ஆம் ஆண்டிலேயே 37ஆம் இலக்கச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. வெளிநாட்டு வேலைக்கு ஆள்சேர்ப்போரை இன்று ஆளுவது 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம். பணியகத்தை அமைத்ததும் அதுவே. பணியகத்தின் அனுமதிப்பத்திரம் இன்றி வெளிநாட்டு வேலைவாய்ப்பு முகவர் தொழில் நடத்துவது குற்றம். அனுமதிப்பத்திரம் பெற்றோரின் பெயர்களைப் பணியகத்தின் slbfe.lk என்ற இணையத்தளத்திலே பார்க்கலாம்; 1989 என்ற தொலைபேசி இலக்கத்திலும் கேட்கலாம். முகவருக்கு அனுமதி இருந்தாற் போதாது; அவர் கூறும் குறிப்பிட்ட வெற்றிடத்திற்கும் அனுமதி உண்டா என்றும் கேட்டல் வேண்டும். பழைய அனுமதியைக் காட்டிப் புதிய வெற்றிடம் என்று கூறுவாரும் உளர்.

வாவியின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் ஊருக்கொருவராய்த் திரியும் உப முகவர்களைப் பற்றியும் இங்கே கூறாதிருக்க முடியாது. பெரும்பாலும் அவர் உறவினராகவோ நண்பரின் மைத்துனராகவோ இருப்பார், முற்றத்தில் வந்து இருந்து தேநீர் அருந்தி, "தம்பி, கடிதமெல்லாம் எதற்கு? பாஸ்போட்டைத் தாரும், மற்றதை நான் பார்க்கிறேன்" என்பார். அவருடைய பெயர் பணியகத்தின் பட்டியலில் இராது. எழுதிய கடிதம் ஒன்றேனும் முகவர் நிலையத்திற்கு நேரே சென்றிருந்தால், யார் எதை எப்போது கூறினார் என்பதற்குச் சான்று இருக்கும். உப முகவரிடம் வாய்ச்சொல்லாற் கொடுத்த இணக்கத்திற்குச் சான்றே இல்லை. பணியகத்தில் முறைப்பாடு செய்யச் செல்லும்போது முதலிற் கேட்கப்படுவது பற்றுச்சீட்டும் கடிதமுமே. கடவுச்சீட்டின் மூலத்தைக் கடிதத்தோடு அனுப்பலாகாது. விபரமுள்ள பக்கத்தின் பிரதி போதும். வெற்றுத்தாளிலே கையொப்பம் இடலாகாது. கட்டாரின் 2004ஆம் ஆண்டுத் தொழிற்சட்டம், அந்நாட்டிலே பிறருக்காக ஆள்சேர்க்கும் முகவர் தொழிலாளியிடம் கட்டணம் பெறுவதைத் தடுக்கின்றது. எமது நாட்டு முகவர் எதனையேனும் அறவிடுவதாயின் அது பணியகம் அனுமதித்த அளவினுள்ளும் பற்றுச்சீட்டுடனும் ஆதல் வேண்டும். விண்ணப்பத்தைப் 'பதிவதற்கு' என்று முதற்கடிதத்திற்கே பணம் கேட்கும் இடத்திற்கு இரண்டாங் கடிதம் எழுத வேண்டியதில்லை.

முகவரை நாடவே வேண்டாத இடங்களும் உண்டு. அரசாங்க வேலைகளுக்கு வர்த்தமானியே வழி. வாவிக்கு அக்கரையிலுள்ள ஆலையிலோ மருத்துவமனையிலோ வெற்றிடம் உண்டு என்று தெரிந்தால் நேரே சென்று மேலாளரைக் காண்பதே சிறந்தது. அங்கே முகவர் இடையில் வந்தால், அவருக்குக் கொடுக்க வேண்டிய கூலியை எண்ணியே சிறு நிறுவனங்கள் பின்வாங்கும். நிறுவனத்தின் பெயரை முகவர் மறைத்தே விளம்பரம் செய்திருப்பார். அதை வேறு வழியாய் ஊகித்து அறிந்து, முகவரைக் கடந்து நேரே எழுதலாமா என்று சிலர் கேட்பர். முகவர் உமது பெயரை அனுப்புவதற்கு முன்னராயின் தடையில்லை. அனுப்பிய பின்னராயின் முன்னர்க் கூறிய இரட்டைப் பெயர்ச் சிக்கலே மீண்டும் எழும்.

எமது இளைஞர் திருத்திய கடிதத்தை, பணியகத்தின் பட்டியலிற் பார்த்து, மூன்று நிலையங்களுக்கு மூன்று வெவ்வேறு நாட்களில் அனுப்பினார். ஒன்றிலிருந்து மறுநாளே தொலைபேசி வந்தது. கட்டாரில் அடிப்படைச் சம்பளம் 1,400 றியாலுக்கே இப்போது வெற்றிடம் உண்டு என்றனர். அவர் மறுத்தார். வீட்டிலே அன்று சிறிது மனத்தாங்கல் ஏற்பட்டதாகவும் அறிந்தோம். கையில் வந்ததைத் தட்டிவிட்டாய் என்று தாயார் கடிந்துகொண்டாராம். இரண்டாவது நிலையம் மௌனமாயிருந்தது. மூன்றாவது நிலையத்தின் உத்தியோகத்தர், இப்போது வெற்றிடம் இல்லை, விபரத்தைக் கோவையில் வைத்துள்ளோம் என்று இரண்டு வரி எழுதினார். அவ்வாறு எழுதுவோர் பெரும்பாலும் மறந்துவிடுவர் என்றே நாமும் எண்ணினோம். ஐந்து மாதங்களின்பின், மாரி மழையில் விடுதியின் அறைகள் பாதி வெறுமையாய்க் கிடந்த ஒரு நாளில், அதே உத்தியோகத்தர் அழைத்து, ஓமானிலுள்ள மருத்துவமனை ஒன்றின் குளிராக்கி இயந்திரங்களுக்கு ஆள் தேவை என்றும், நிறுவனத்தின் பெயர் இன்னது, அனுப்பச் சம்மதமா என்றும் கேட்டார். செயன்முறைப் பரீட்சை மூன்று நாட்களின் பின் கொழும்பில் நடந்தது. அன்றிரவு புகைவண்டியிலே திரும்பியவர், பரீட்சகர் தம்மிடம் முதலிற் கேட்டது உப்பு அரித்த சுருளைப் பற்றியே என்று எமக்கு அறிவித்தார்.